விடுதி விதிகளைத் திருத்தி எழுதுகிறோம்: "மீறினால் வெளியேற்றப்படுவர்" என்ற வரியை எடுத்துவிட்டு என்ன போடுவது?

கெலுகோர்_செயலாளர்
அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் ஒரு சங்கம் நடத்தும் மாணவர் விடுதியின் குழுவில் இருக்கிறேன். 46 பிள்ளைகள். பையன்கள் கீழே, பெண்கள் மாடியில். வார்டன் ஒருவர்தான், அறுபதைத் தாண்டிய அம்மா.

விதித்தாளில் 31 விதிகள் இருக்கின்றன. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை. "அபராதம்" என்ற சொல் மட்டும் 19 இடத்தில் வருகிறது, உட்கார்ந்து எண்ணினேன். ஒரு விதியை அப்படியே தருகிறேன்:

"விதி 12: மாணவர்கள் அறைகளில் மின் சாதனங்களைப் பயன்படுத்துவதிலிருந்து தடை செய்யப்படுகிறார்கள். மீறினால் பொருள் பறிமுதல் செய்யப்பட்டு 50 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படும். மீண்டும் மீறினால் முன்னறிவிப்பின்றி வெளியேற்றப்படுவர்."

இப்போது இதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஏழாம் அறையில் ஒரு சாக்கெட் கருகிப் போயிருந்தது. சுவரை ஒட்டி ஒரு பெட்டி, பெட்டி மேல் துணி மூட்டை. பெயிண்ட் அடிக்க மூட்டையை நகர்த்தியபோதுதான் தெரிந்தது. வலது பக்க ஓட்டையைச் சுற்றி பழுப்பாக உருகியிருந்தது. விசாரித்தால், மூன்று வாரமாகவே அறையில் ஒரு நாற்றம் வந்ததாம். கருவாடு மாதிரி. யாரோ ஒளித்துச் சமைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். சமையலுக்கு 100 ரிங்கிட் அபராதம் என்பதால், யாரையும் மாட்டிவிட வேண்டாம் என்று நான்கு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விதியை மாற்றலாம் என்று குழுவில் சொன்னேன், "நீங்களே எழுதிக்கொண்டு வாங்க" என்று தலையில் கட்டிவிட்டார்கள். விதி 12-க்கு நான் எழுதிய முதல் வரைவு:

"அறையில் கெட்டில் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏனெனில் மின்கட்டணம் அதிகமாகிறது. நாம் அனைவரும் ஒரே குடும்பம்."

எப்படி இருக்கிறது?

ஈப்போ_பழைய_மாணவன்
நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் விதித்தாளே கிடையாது. வார்டன் இடுப்பில் பெல்ட்தான் விதி. எல்லாரும் நன்றாகத்தான் வந்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் காரணத்தோடேயே சண்டைக்கு வருவார்கள். பார்த்துக்கொண்டே இருங்கள்.

மூணாவது_செம்
வணக்கம் அங்கிள், நான் கேஎல்ல வேற ஒரு ஹாஸ்டல்ல இருக்கேன். சண்டைக்கே வர்றேன் 😅

மின்கட்டணம்தான் காரணம்னா கணக்குப் போட்டுப் பாருங்க. 2200 வாட் கெட்டில், தண்ணி கொதிக்க நாலு நிமிஷம். ஒரு தடவைக்குப் பத்து காசுகூட வராது. மாசம் அஞ்சு ரிங்கிட் எக்ஸ்ட்ரா கட்டறேன், கெட்டில் வெச்சுக்கட்டுமான்னு கேட்டா என்ன சொல்வீங்க? முடியாதுன்னுதான் சொல்வீங்க. அப்போ பில்லு காரணம் இல்லைன்னு ஆயிடுது. காரணம் பொய்யா இருந்தா பயமுறுத்துறதைவிட எரிச்சலா இருக்கும். பயமுறுத்துறப்போ உண்மையாவது சொல்றாங்க.

அந்த "ஒரே குடும்பம்" வரியைத் தயவுசெஞ்சு எடுத்துடுங்க.

செந்தூல்_வார்டன்
தங்கச்சி சொல்வது சரி. பதினாலு வருஷம் பெண்கள் விடுதி பார்த்தவள் நான். இரண்டு தடவை விதித்தாளைத் திருத்தி, முதல் தடவை கையைச் சுட்டுக்கொண்டேன்.

செயலாளர் தம்பி, உங்கள் பழைய விதியிலும் புதிய வரைவிலும் ஒரே கோளாறு. "மின் சாதனங்கள்" என்றால் போன் சார்ஜரும் மின் சாதனம்தானே? அப்படியானால் 46 பேரும் தினமும் விதியை மீறுகிறார்கள். எல்லாரும் மீறும் விதியில், யாரைப் பிடிப்பது என்பது வார்டனுக்கு யார் மேல் கோபம் என்பதைப் பொறுத்துப் போய்விடும். பிள்ளைகள் விதியைப் படிக்க மாட்டார்கள், வார்டனின் முகத்தைப் படிப்பார்கள். புதிய வரைவில் "கெட்டில் போன்றவை" என்கிறீர்கள். ஹேர் டிரையர் கெட்டில் போன்றதா, இல்லையா? பெயர் சொல்லி எழுதுங்கள். எது கூடும் என்பதையும் எழுதுங்கள், அதுதான் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

அப்புறம் மொழி. "தடை செய்யப்படுகிறார்கள்" என்பது மலாய்த் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது, பார்த்தாலே தெரிகிறது. "டிலாராங்" என்பதை நாம் வீட்டில் எப்படிச் சொல்வோம்? "கூடாது". ஒரு சொல்லில் முடிந்தது. ஆனால் நீங்கள் அதை விட்டுவிட்டு "வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்" என்று மறுகோடிக்குப் போய்விட்டீர்கள். அது கல்யாண வீட்டில் செருப்பை வெளியே விடச் சொல்கிற குரல். கேட்டுக்கொண்டால் மறுக்கவும் செய்யலாம் அல்லவா? மிரட்டலை எடுக்கச் சொன்னால் உறுதியையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள். "கூடாது" மிரட்டல் இல்லை. "மீறினால் தொலைந்தாய்" என்பதுதான் மிரட்டல்.

"நாம்" என்றும் எழுதாதீர்கள். கெட்டில் வைத்திருப்பது அவர்கள், விதி போடுவது நீங்கள். விடுதி செய்வதற்கு "நாங்கள்", பிள்ளைகள் செய்ய வேண்டியதற்கு "நீங்கள்". தமிழில் இந்த வசதி இருக்கும்போது அதைக் குழப்பினால் பிள்ளைகளுக்கு உடனே மூக்கில் வேர்க்கும்.

சுங்கை_பூலோ_வீட்டுக்காரர்
நல்ல தலைப்பு. நானும் என் வீட்டு மாடியை மூன்று காலேஜ் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். சுவரில் ஆணி அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். டெபாசிட்டில் எவ்வளவு பிடிக்கலாம்? ஒரு ஆணிக்கு 20 என்று போட்டால் சரியா?

செந்தூல்_வார்டன்
ஐயா, இங்கே ஓடுவது வேறு கதை. தனி இழை போட்டுக் கேளுங்கள்.

சட்டம்_கொஞ்சம்_தெரியும்
வீட்டுக்காரர் தெரியாமலே முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். செயலாளர் சார், தனியார் விடுதி அபராதம் போடவே முடியாது. அபராதம் அரசாங்கம் மட்டும்தான் போடலாம். அந்த 19 அபராதமும் செல்லாது, பையன் போலீசில் புகார் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கெலுகோர்_செயலாளர்
ஐயையோ. இதுவரை வாங்கியதை எல்லாம் திருப்பித் தர வேண்டுமா?

புக்கிட்_மெர்த்தாஜம்_குமாஸ்தா
பதறாதீர்கள் சார். வக்கீல் ஆபீசில் இருபது வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன். வக்கீல் இல்லை, அதனால் முடிவாகக் கேட்க வேண்டியதை உங்கள் வக்கீலிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே நண்பர் சொன்னதில் பாதி சரி. விடுதியில் சேரும்போது கையெழுத்துப் போடுவது ஒப்பந்தம். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இந்த இடத்துக்குத்தான் வருகிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருந்தால், அது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 50 என்று எழுதிவிட்டதாலேயே 50-ம் உங்களுடையது என்று ஆகிவிடாது. 2018-இல் கூட்டரசு நீதிமன்றமும் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் "நியாயமான இழப்பீடு" என்பதைத்தான் அளவுகோலாக வைத்தது. ஆக, போலீஸ் கேஸ் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் உடைந்த கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடியின் விலை கேட்பது எளிது, கெட்டிலைப் பார்த்ததற்கு 50 ரிங்கிட் கேட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று. 18 வயது ஆகாத பிள்ளை தனியாகப் போட்ட கையெழுத்தை நம்பி உட்காராதீர்கள். பெற்றோரும் போட வேண்டும்.

சட்டம்_கொஞ்சம்_தெரியும்
அதைத்தான் நானும் சொன்னேன்.

புக்கிட்_மெர்த்தாஜம்_குமாஸ்தா
சரிங்க.

வயர்மேன்_மணியம்பாளையம்
யாருமே சாக்கெட் பக்கம் வரவில்லையே. நான் லைசென்ஸ் உள்ள வயர்மேன், பெயரில் இருக்கிற ஊர் தாத்தாவுடையது.

செயலாளர் அண்ணே, அந்தக் கருவாட்டு நாற்றம் சமையல் நாற்றமே இல்லை. சாக்கெட், பிளக் இதெல்லாம் அளவுக்கு மேல் சூடானால் மீன் நாற்றம் அடிக்கும். எத்தனையோ வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து கழுவிய பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நெருப்புக்கு முன்னால் வருகிற எச்சரிக்கை அது. உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் எச்சரிக்கை வந்திருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். எத்தனை அறைக்கு ஒரு பிரேக்கர்? எத்தனை ஆம்பியர்? பிள்ளைகள் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தார்களா?

கெலுகோர்_செயலாளர்
இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று அறைக்கு ஒரு பிரேக்கர், 20 என்று இருக்கிறது. ஏழாம் அறையில் ஒரே ஒரு சாக்கெட். அதில் நாலு ஓட்டை எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, காலையில் கெட்டிலும் இருக்கும், அயர்ன் பாக்ஸும் இருக்கும், சில நாள் பக்கத்து அறைக்காரன் கெட்டிலும் வரும் என்று இப்போது சொல்கிறார்கள். திட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகு.

வயர்மேன்_மணியம்பாளையம்
அதுதான். 2200 வாட் கெட்டில் நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்பதரை ஆம்பியர் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் தாங்குவது 13. இரண்டு கெட்டில் ஒன்றாகப் போட்டால் 19. இப்போது பாருங்கள்: 20 பிரேக்கர் விழாது, 19 தானே. பிளக்குக்குள் இருக்கும் 13 ஃபியூஸாவது போகும் என்று நினைப்போம். 19-க்கு அது சட்டென்று போகாது, நெடுநேரம் தாங்கிக்கொண்டே இருக்கும். ஆக, காவலுக்கு வைத்த இரண்டும் தூங்குகிறது, நடுவில் பிளக்கின் காலும் சாக்கெட்டின் வாயும் மட்டும் வெந்துகொண்டிருக்கிறது. பழைய சாக்கெட், பிடி தளர்ந்தது என்றால் ஒரு கெட்டிலுக்கே சூடாகும்.

மூன்று அறையிலும் ஒரே நேரத்தில் போட்டு பிரேக்கர் விழுந்து, எல்லாரும் கத்துவார்கள் பாருங்கள், அன்றைக்கு ஆபத்து இல்லை. கத்தாத நாளில்தான்.

மூணாவது_செம்
இதை எழுதுங்க அங்கிள்! இதை எழுதினா நானே என் கெட்டிலைக் கொண்டுபோய்க் குடுத்துடுவேன். இவ்ளோ நாள் "பிரேக்கர் விழலியே, அப்போ ஓகேலா"ன்னு நெனச்சுட்டு இருந்தேன். எங்க ஹாஸ்டல்லயும் எல்லாரும் அப்படித்தான்.

ஆனா காலைல சட்டை அயர்ன் பண்ண எங்க போறது? மேகிக்குச் சுடுதண்ணி? அதைச் சொல்லாம கூடாதுன்னு மட்டும் சொன்னா மறுபடி ஒளிச்சு வெப்பாங்க. நானும்தான்.

செந்தூல்_வார்டன்
இதுதான் நான் முதல் தடவை சறுக்கிய இடம். விதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் ஒரு "ஏனெனில்" ஒட்டினேன். அது சுவரில் பேப்பர் ஒட்டுவது மாதிரி, ஒரு மழைக்குத் தாங்காது. காரணத்தைத் தேடிப் போனால் விதியே மாறும். உங்களுக்கு ஆபத்து கெட்டில் இல்லை, மூன்று அறைக்கு ஒரே வயரில் கெட்டில். அப்படியானால் தனி வயர் உள்ள இடத்தில் கெட்டில் கூடும்.

மாடிக்கு ஒரு பேன்ட்ரி இருக்கிறதா?

கெலுகோர்_செயலாளர்
இருக்கிறது. கீழே உள்ளது பழைய நாற்காலி போட்டு வைக்கும் அறையாகிவிட்டது. இரவு 9 மணிக்குப் பூட்டும் வழக்கம். ஏன் பூட்டுகிறோம் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் வரைவு:

"சூடாக்கும் சாதனங்களை அறையில் சொருகக் கூடாது. கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் இந்த நான்கும்தான். போன், லேப்டாப், மேசை விளக்கு, காற்றாடி சொருகலாம்.

காரணம்: மூன்று அறைகளுக்கு ஒரே வயர். ஒரு எக்ஸ்டென்ஷனில் இரண்டு கெட்டில் போட்டால் பிரேக்கர் விழாமலே சாக்கெட் கருகும். ஏழாம் அறையில் அது நடந்தது.

அந்த நான்கையும் பேன்ட்ரியில் எந்த நேரமும் பயன்படுத்தலாம். பேன்ட்ரி பூட்டப்படாது.

அறையில் சொருகியிருந்தால் வார்டன் எடுத்து, உங்கள் பெயர் எழுதி அலுவலகத்தில் வைப்பார். ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். பணம் கட்ட வேண்டியதில்லை. மூன்றாம் முறை என்றால் உங்கள் பெற்றோரையும் வைத்துப் பேசுவோம்.

சாக்கெட் சூடாக இருந்தாலோ, பழுப்பாகத் தெரிந்தாலோ, மீன் நாற்றம் வந்தாலோ, அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு வார்டனிடம் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் எழுப்புங்கள். என்ன சொருகியிருந்தீர்கள் என்று கேட்க மாட்டோம்."

செந்தூல்_வார்டன்
நன்றாக வந்திருக்கிறது தம்பி. என்ன நடக்கும் என்பதையும் விடாமல் எழுதியது நல்லது. சிலர் காரணம் மட்டும் எழுதிவிட்டு விளைவை மறைத்துவிடுவார்கள், பிறகு பிடிபட்ட அன்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதுவதும் அதே கதைதான். யார் எடுப்பார், என்ன எடுப்பார்?

வயர்மேன்_மணியம்பாளையம்
கடைசி வரி தப்பு. என்ன சொருகியிருந்தது என்று தெரியாமல் நான் எப்படி வேலை பார்ப்பது? சாக்கெட் தளர்ந்ததா, லோடு கூடியதா என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்கத்தான் வேண்டும்.

செந்தூல்_வார்டன்
அட ஆமாம். "என்ன சொருகியிருந்தது என்று வயர்மேனுக்காகக் கேட்போம். தானாக வந்து சொன்னவர் மேல் அதற்காக ஒன்றும் செய்ய மாட்டோம்" என்று மாற்றுங்கள்.

ஈப்போ_பழைய_மாணவன்
அப்போ தினமும் கெட்டில் போட்டுவிட்டு, மாட்டுகிற சமயத்தில் "நாற்றம் வந்தது அம்மா" என்று ஓடி வந்தால் தப்பித்துவிடலாம். நல்ல விதி.

செந்தூல்_வார்டன்
தப்பிக்கட்டும் அண்ணே. ஒரு கெட்டில் தப்பித்ததில் எனக்கு என்ன போகிறது? கருகின சாக்கெட் மூட்டைக்குப் பின்னால் இருப்பதைவிட அது மேல்.

கெலுகோர்_செயலாளர்
திருத்திவிட்டேன். இப்போது கஷ்டமானது. விதி 4: "ஆண்கள் இரவு 11 மணிக்குள், பெண்கள் இரவு 9 மணிக்குள் உரிய நேரத்தில் விடுதி திரும்ப வேண்டும். தவறினால் 30 ரிங்கிட், பெற்றோருக்குக் கடிதம்."

11 மணிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வார்டன் அம்மாதான் எழுந்து வந்து கேட்டைத் திறக்க வேண்டும். இடையில் விழித்தால் அவருக்குப் பிறகு தூக்கம் வராது, காலை ஐந்து மணிக்குச் சமையல்காரருக்குக் கதவு திறக்க வேண்டும். அதை அப்படியே எழுதினேன். வரைவைப் பார்த்த பையன்கள் இருவர், "தெரியாது அங்கிள், வாட்ச்மேன் யாராவது தூங்காம இருப்பாங்கன்னு நெனச்சோம்" என்றார்கள். தாமதமானால் பத்தரைக்குள் அம்மாவுக்கு மெசேஜ் என்றும் சேர்த்தோம்.

9 மணிக்குத்தான் காரணம் எழுத வரவில்லை. ஆறு தடவை எழுதி அழித்தேன். "பாதுகாப்பு" என்று போட்டால், கேட் ஒன்று, தெரு ஒன்று, பையன்களுக்கு மட்டும் 11 மணிவரை எப்படிப் பாதுகாப்பு?

மூணாவது_செம்
எனக்கு வாரத்துல ரெண்டு நாள் லேப் முடியவே ஒன்பதரை. வெளியில சாப்பாடு தப்பாவ் பண்ணி வர்றதுக்குள்ள பத்தே கால். எங்க ஹாஸ்டல்லயும் ஒன்பதுதான். ஒவ்வொரு தடவையும் லெக்சரர் கையெழுத்து வாங்கிட்டு வரணும். பையன்க அதே லேப்ல இருந்து வர்றாங்க, அவங்களுக்கு ஒண்ணும் வேணாம். காரணம் எழுத முடியலைன்னா அந்த விதி எதுக்கு அங்கிள்?

ஈப்போ_பழைய_மாணவன்
எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். 9 மணி என்று சொன்னதால்தான் பெரியவளை விடுதியில் விட்டேன். 11 என்றிருந்தால் விட்டிருக்க மாட்டேன். இதை நீங்கள் எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

செந்தூல்_வார்டன்
அண்ணே, நீங்கள் சொன்னதுதான் உண்மையான காரணம். சேர்க்கும்போது பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு. செயலாளர் தம்பி, அதை "பாதுகாப்பு" என்று வேஷம் போட்டு எழுதாமல் "உங்கள் பெற்றோருக்கு இந்த நேரத்தைச் சொல்லித்தான் சேர்த்தோம்" என்று எழுதிப் பாருங்கள். அப்படி எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும்: பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு 11 ஆகுமா? ஆகும் என்றால் பையன்களின் பெற்றோரிடமும் கேட்டாக வேண்டும்.

என் விடுதியில் 10 என்று இருவருக்கும் ஒன்றாக வைக்கப் பார்த்தேன். குழு ஒப்புக்கொள்ளவில்லை. நான் அங்கிருந்து விலகி வரும்வரை 9 தான்.

மூணாவது_செம்
21 வயசுக்காரிக்கும் அப்பா கடிதமா அக்கா?

செந்தூல்_வார்டன்
நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

நிபோங்_திபால்_டீச்சர்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். செயலாளர் சார், உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் வாசிக்க வரும்? தேசியப் பள்ளியில் படித்து வந்தவர்கள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அவர்கள் கையெழுத்துப் போடுவது மலாய்த் தாளில்தானே? தமிழ்த் தாளை மட்டும் அழகாகத் திருத்திவிட்டு, மலாய்த் தாளில் பழைய மிரட்டல் அப்படியே இருந்தால் என்ன பயன்? மலாயிலும் காரணத்தோடு எழுதுங்கள். தமிழில் இருந்து மொழிபெயர்க்காமல், மலாய் நன்றாக எழுதும் ஒரு பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

கெலுகோர்_செயலாளர்
46-இல் 17 பேருக்கு வாசிக்க வராது டீச்சர். அது எனக்குத் தோன்றவே இல்லை.

கெலுகோர்_செயலாளர்
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்தது, சொல்லிவிடுகிறேன். 31 விதி 14 ஆனது. பத்துக்கு மேல் காரணம் கேட்டபோதே யாரும் வாய் திறக்காமல் போய்விட்டது. "தேவையற்ற சிரிப்பு" என்று ஒரு விதி இருந்தது, அதை வாசித்ததும் தலைவரே சிரித்துவிட்டார். சாதன விதி அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அபராதம் போய், உடைத்தால் மாற்றும் செலவு ரசீதோடு என்று வந்தது. கீழ் பேன்ட்ரி நாற்காலிகளை இரண்டு பையன்களே தூக்கிப் போட்டார்கள்.

9 மணி விதி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. பெற்றோருக்குக் கடிதம் அனுப்பிக் கேட்கப் போகிறோம். மாடிப் பெண்கள், அந்தக் கடிதத்தை அனுப்பும் முன் தங்களுக்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள். தலைவருக்கு அதில் விருப்பமில்லை.

மணியம்பாளையம் தம்பி, பேன்ட்ரியில் சுவரில் ஒரே ஒரு சாக்கெட்தான் இருக்கிறது. 23 பேருக்குக் கெட்டிலும் அயர்ன் பாக்ஸும். அதையும் அறைகள் வயரிலேயே இழுத்திருப்பார்களோ என்று இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

வயர்மேன்_மணியம்பாளையம்
நோட்டீசை ஒட்டாதீர்கள் அண்ணே. அறைகளுக்கான பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டு பேன்ட்ரி சாக்கெட்டில் கரண்ட் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் அறைகளோடு ஒட்டிய வயர்தான் அது. சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டுப் பாலம் தாண்டி வருகிறேன்.